பெயரின்றி எழுதும் நூலுக்கு எந்த ஒப்பந்தம்? உரிமை மாறும் நாளும் நிராகரிப்பின் விலையும்

தம் மணிவிழாவை ஒட்டி வாழ்க்கை வரலாறு நூலாக வெளிவர வேண்டும் என்று விரும்பும் தொழிலதிபர் ஒருவர், அதை எழுதித் தரும்படி ஓர் எழுத்தாளரை அணுகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நூல் தொழிலதிபரின் பெயரில் வரும். எழுதியவரின் பெயர் எங்கும் இராது. ஏறத்தாழ 50,000 சொற்கள், எட்டு மாத வேலை, பேசிய தொகை 3,00,000 ரூபாய். இத்தகைய கோஸ்ட் ரைட்டிங் வேலைக்கு எழுத்தாளரின் முன் வைக்கப்படும் ஒப்பந்தம் மூன்று வகைகளில் ஒன்றாக இருக்கும். முதல் வகையில், கையெழுத்திடும் அன்றே எல்லா உரிமைகளும் வாடிக்கையாளருக்குச் சென்றுவிடும். சிறு முன்பணம் போக மீதித் தொகை, கையெழுத்துப்படி அவருக்குத் திருப்தி அளித்த பிறகே வரும். இரண்டாம் வகையில், தொகை கட்டம் கட்டமாக வரும். முழுத் தொகையும் வந்து சேர்ந்த நாளில்தான் உரிமை மாறும். மூன்றாம் வகையில், தொகை குறைவு. அதற்கு ஈடாக உள்பக்கத்தில் எழுதியவரின் பெயரும் ராயல்டியில் ஒரு பங்கும் கிடைக்கும்.

பெயர் மறைப்பு, பதிப்புரிமை மாற்றம், நிராகரித்தால் என்ன தொகை என்ற மூன்றையும் தனித்தனி ஷரத்துகளாகப் படித்து, ஒவ்வொன்றும் நியாயமாகத் தோன்றுகிறதா என்று பார்ப்பதே பலரின் வழக்கம். அப்படிப் பார்த்தால் முதல் வகை ஒப்பந்தத்திலும் குறை தெரியாது. நிராகரிப்பு நிகழும் நாளில் இந்த மூன்று ஷரத்துகளும் சேர்ந்து என்ன செய்கின்றன என்று பார்க்கும்போதுதான் வகைகளுக்கிடையே உள்ள வேறுபாடு புலப்படும்.

ஒப்பந்தம் எதுவும் சொல்லாவிட்டால்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17ஆம் பிரிவின்படி, ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதை ஆக்கியவரே. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் தம் பணியின் பகுதியாக எழுதினால் உரிமை முதலாளிக்குப் போகும். பணம் கொடுத்து வெளியாளிடம் செய்யச் சொன்ன புகைப்படம், ஓவியம், திரைப்படம் போன்றவற்றிலும் உரிமை பணம் கொடுத்தவருக்கே. ஆனால் அந்தப் பட்டியலில் எழுத்துப் படைப்பு இல்லை. எனவே தனித்து இயங்கும் எழுத்தாளர் ஒருவர் கூலி வாங்கிக்கொண்டு எழுதிய நூலின் உரிமை, எழுத்து மூலமாக மாற்றித் தரப்படும் வரை அவரிடமே இருக்கும். அமெரிக்க மாதிரி ஒப்பந்தங்களிலிருந்து எடுத்த, ‘வொர்க் மேட் ஃபார் ஹயர்’ என்று தொடங்கும் ஷரத்தை நம் ஊர் ஒப்பந்தங்களில் அடிக்கடி காணலாம். கூலிக்கு எழுதப்பட்ட படைப்பின் உரிமை தொடக்கத்திலேயே எழுதச் சொன்னவருக்குப் போய்விடும் என்னும் அது, அமெரிக்கச் சட்டத்தின் ஏற்பாடு. இங்கே அந்தச் சொற்களை மட்டும் எழுதிவைத்துவிட்டு உரிமை மாற்றத்தைத் தெளிவாக எழுதாமல் விட்ட வாடிக்கையாளர், தாம் வாங்கியதாக நினைக்கும் பொருளை வாங்கினாரா என்பதே கேள்விக்குரியதாகிவிடும்.

வாழ்க்கை வரலாற்று நூலில் இன்னொரு சிக்கலும் உண்டு. சம்பவங்கள் சொன்னவருடையவை, வாக்கியங்கள் எழுதியவருடையவை. மௌலானா ஆசாத் உருதுவில் சொல்லச் சொல்ல ஹுமாயூன் கபீர் ஆங்கிலத்தில் எழுதிய ‘இந்தியா வின்ஸ் ஃப்ரீடம்’ நூலில், முப்பது பக்கங்கள் மட்டும் முத்திரையிட்டு வைக்கப்பட்டு, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட வேண்டியிருந்தன. அந்த நேரத்தில் எழுந்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், முன்கூட்டியே பேசிவைத்த ஒரு திட்டப்படி இருவரும் அறிவுழைப்பைத் தந்திருப்பதால், முதல் நோக்கில் இருவரையும் கூட்டாசிரியர்களாகவே கருத வேண்டும் என்றது. சொன்னவர் மட்டுமோ எழுதியவர் மட்டுமோ தனி உரிமையாளர் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதால்தான், இந்த வகை நூலுக்கு வாய்ப்பேச்சு ஒப்பந்தம் இரு தரப்புக்கும் ஆபத்தானது.

உரிமையை மாற்றுவதற்குச் சட்டம் விதித்திருக்கும் வடிவம் கடினமானதன்று. 19ஆம் பிரிவின்படி மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். உரிமையைத் தருபவர் கையெழுத்திட வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, என்ன தொகை என்பவை சொல்லப்பட வேண்டும். காலம் சொல்லப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு சொல்லப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘எல்லா உரிமைகளும் மாற்றப்படுகின்றன’ என்று ஒரே வரியில் எழுதி வாங்கிய வாடிக்கையாளர், ஆறாம் ஆண்டில் சிங்கப்பூரில் மறுபதிப்புக் கொண்டுவர நினைத்தால் இரு வகையிலும் சிக்கிக்கொள்வார். மேலும், வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாதபோது அந்த உரிமை மாற்றம் காலாவதியாகிவிடும். குடும்ப வரலாற்று நூல்கள் அச்சுக்குப் போகாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் அலமாரியில் கிடப்பது சாதாரணமாக நடப்பதால், வாடிக்கையாளர் தரப்பு இந்தக் காலத்தை நீட்டித்து எழுதிக்கொள்வது நியாயமே.

ஐந்தாம் மாதத்தில் நிராகரிப்பு

நம் எடுத்துக்காட்டுக்குத் திரும்புவோம். எழுத்தாளர் எல்லா நேர்காணல்களையும் முடித்து, 25,000 சொற்களை எழுதிக் கொடுத்துவிட்டார். ஐந்தாம் மாதம் தொழிலதிபரின் மூத்த மகன் அதைப் படித்துவிட்டு, ‘இதில் அப்பாவின் குரலே இல்லை’ என்று சொல்லி வேலையை நிறுத்துகிறார்.

முதல் வகை ஒப்பந்தத்தில் எழுத்தாளரிடம் இருப்பது முன்பணம் மட்டுமே. அது 30,000 ரூபாய் என்று கொள்வோம். மீதித் தொகைக்கான நிபந்தனை ‘திருப்தியளிக்கும் கையெழுத்துப்படி’. அந்தத் திருப்தி யாருடையது, எந்த அளவுகோலால் அளப்பது என்று ஒப்பந்தத்தில் இல்லை. இதைவிடப் பெரிய இழப்பு உரிமையில் நிகழ்ந்திருக்கிறது. இன்னும் எழுதப்படாத படைப்பின் உரிமையையும் முன்கூட்டியே மாற்றித் தரலாம் என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. படைப்பு உருவாகும் கணத்தில் அந்த மாற்றம் நடைமுறைக்கு வரும். அதாவது, ஒவ்வோர் அத்தியாயமும் எழுதி முடிக்கப்பட்டதுமே வாடிக்கையாளருடையதாகிவிட்டது. பணம் வரவில்லை என்பதற்காக உரிமை தானாகத் திரும்பி வராது. திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். ஆகவே மகன் வேறோர் எழுத்தாளரை அமர்த்தி, அந்த 25,000 சொற்களை அடித்துத் திருத்தி நூலை முடித்துக்கொள்ளத் தடையில்லை. முதலில் எழுதியவர் பெயர் மறைப்பு ஷரத்தால் வாய் மூடி நிற்கிறார். பிறருடைய உழைப்பின் பயனை அனுபவித்தவர் ஈடு தர வேண்டும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் வெளிப்படையான ஒப்பந்தம் ஒன்று இருக்கும்போது அந்தப் பிரிவைத் துணைக்கு அழைப்பது எளிதன்று.

இரண்டாம் வகையில் அதே 3,00,000 ரூபாயை இப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று கொள்வோம்: கையெழுத்திடும்போது 60,000, நூல் அமைப்பும் மாதிரி அத்தியாயமும் ஏற்கப்பட்டதும் 45,000, முதல் பாதி கொடுத்ததும் 75,000, முழு வரைவு கொடுத்ததும் 75,000, இறுதித் திருத்தம் முடிந்ததும் 45,000. கூடவே ஒரு நிராகரிப்பு ஷரத்து. நிராகரித்த பகுதியை வாடிக்கையாளர் வைத்துக்கொள்ள விரும்பினால் அந்தக் கட்டத்தின் முழுத் தொகையையும், கைவிட்டால் பாதித் தொகையையும் தர வேண்டும். முன்னைய கட்டங்களுக்குக் கொடுத்தது எந்நிலையிலும் திரும்பாது. இதன்படி மகன் பகுதியை வைத்துக்கொண்டால் எழுத்தாளருக்கு மொத்தம் 1,80,000 ரூபாய் கிடைக்கும். பணம் சேர்ந்ததும் அந்தப் பகுதியின் உரிமையும் மகன் தரப்புக்குப் போகும். கைவிட்டால் 1,42,500 ரூபாய் கிடைக்கும். எழுத்தின் உரிமை எழுத்தாளரிடம் நிற்கும். வாடிக்கையாளருக்கும் இது கொடுமையான ஏற்பாடன்று. நேர்காணல்கள் முழுவதும் முடிந்து, பாதி நூல் எழுதப்பட்ட நிலையில் மொத்தத் தொகையின் ஐந்தில் மூன்று பங்கு என்பது நடந்த வேலைக்கு ஒத்ததே.

கைவிடப்பட்ட எழுத்தின் உரிமை எழுத்தாளரிடம் இருந்து என்ன பயன் என்று கேட்கலாம். இன்னொருவரின் தந்தையைப் பற்றிய 25,000 சொற்களை வேறு யாரிடமும் விற்க முடியாது. ரகசியக் காப்பு ஷரத்தும் அதற்கு இடம் தராது. அந்த உரிமையின் மதிப்பு, மறுதரப்பு பணம் தராமல் பயன்படுத்துவதைத் தடுக்க முடிவதில் மட்டுமே இருக்கிறது. இதனால்தான் வாழ்க்கை வரலாற்று நூலுக்கான நிராகரிப்புத் தொகை அதிகமாக இருக்க வேண்டும் என்கிறேன். நீரிழிவுக்காரர்களின் உணவு பற்றி ஓர் இணையதளத்துக்கு 2,000 ரூபாய்க்கு எழுதிய ஆயிரம் சொல் கட்டுரை நிராகரிக்கப்பட்டால், அதை இன்னொரு தளத்துக்குக் கொடுக்கலாம். அங்கே கால் பங்குத் தொகையும் உரிமை திரும்புதலும் போதும். பழகிய வாடிக்கையாளர் என்றால் தொகையே இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ஆனால் கன்டென்ட் ரைட்டிங்கில் வேறொரு தந்திரம் நடக்கிறது. கட்டுரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு மாதம் கழித்துத் தலைப்பை மட்டும் மாற்றி வெளியிடுவார்கள். கட்டுரையில் தனித்துத் தெரியும் ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் இட்டு அவ்வப்போது தேடிப் பார்த்தால் இது பெரும்பாலும் பிடிபடும். ‘எந்த வடிவில் வெளியிட்டாலும் அது ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும், முழுத் தொகையும் உடனே செலுத்தத்தக்கதாகும்’ என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால், பிடிபட்ட பிறகு வாதத்துக்கு வேலை இராது.

நிராகரிப்பு எப்போது நிராகரிப்பாகும் என்பதையும் எழுதியாக வேண்டும். மாதிரி அத்தியாயத்தில் நடையை ஏற்றுக்கொண்டவர், பிறகு அதே நடையைக் காரணம் காட்டி நிராகரிக்கக் கூடாது என்பது முதல் வரையறை. கையெழுத்துப்படி கிடைத்த 15 நாட்களுக்குள் குறைகளை எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது. இரண்டு முறை திருத்தித் தருவது பேசிய தொகைக்குள் அடங்கும். ஆனால் வாடிக்கையாளர் புதிய தகவல்களைச் சேர்க்கச் சொன்னால் அது கூடுதல் வேலை என்பது மூன்றாவது. அந்த 15 நாள் கணக்கு நானாகச் சொன்னதன்று. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 அதே கணக்கைத்தான் வைத்திருக்கிறது: சேவை அளித்த 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், அளித்த நாளிலேயே அது ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.

இத்தகைய தொழில்களுக்கான அரசுப் பதிவாகிய உத்யம் பதிவைப் பெற்ற எழுத்தாளர் இந்தச் சட்டத்தின்படி ஒரு குறுந்தொழில் நடத்துபவராவார். அவருக்குத் தர வேண்டிய தொகையை, ஒப்பந்தத்தில் எந்தக் கெடு எழுதியிருந்தாலும், ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களுக்குள் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டும் வட்டி சேரும். ‘நூல் வெளியான பிறகு தொகை தரப்படும்’ என்ற ஷரத்தின் பலத்தை இது வெகுவாகக் குறைத்துவிடுகிறது. வசூலுக்கு நீதிமன்றத்துக்குப் போகாமல், இச்சட்டத்தின் கீழ் மாநில அரசு அமைத்திருக்கும் வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இணையத்திலேயே முடித்துவிடலாம். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே பதிவு செய்திருப்பதுதான் பாதுகாப்பு. தகராறு வந்த பிறகு செய்த பதிவு முந்தைய ஒப்பந்தத்துக்குச் செல்லுமா என்பது நீதிமன்றங்களில் நெடுங்காலம் வாதாடப்பட்ட விஷயம்.

பெயர் மறைப்பின் எல்லை

பெயர் மறைப்பு மூன்று வகைகளிலும் ஒரே தோற்றத்தில் வருவதில்லை. மூன்றாம் வகையில் ‘தொகுத்து எழுதியவர்’ என்று உள்பக்கத்தில் ஒரு வரி வரும் என்பதால் இந்தச் சிக்கலே பெரும்பாலும் எழுவதில்லை. மற்ற இரண்டிலும், இரு வேறு ரகசியங்களை ஒரே ஷரத்தில் குழப்பிவிடுகிறார்கள். நான் எழுதினேன் என்பது ஒரு ரகசியம். நேர்காணலில் அவர் சொன்ன குடும்பச் செய்திகள் இன்னொரு ரகசியம். இரண்டாவதைக் காலவரையின்றிக் காப்பது முறை. முதலாவதற்கு விலக்குகள் தேவை: வருமான வரிக் கணக்கு, ஆடிட்டர், வழக்கறிஞர், தொகையை வசூலிக்க நீதிமன்றத்திலோ மன்றத்திலோ முறையிடுதல் ஆகியவை விலக்கப்பட வேண்டும். கடைசியாகச் சொன்ன விலக்கு இல்லாத ஒப்பந்தத்தில், பணம் கேட்டு வழக்குப் போடுவதே ரகசியத்தை மீறியதாகிவிடும் என்று மறுதரப்பு மிரட்ட வழியுண்டு. இவற்றோடு, எதிர்கால வாடிக்கையாளர் கேட்டால் தனிப்பட்ட முறையில் காட்டிக்கொள்ள ஒரு சான்றுக் கடிதத்தையும் கேட்டுப் பெறலாம், பெரும்பாலானோர் மறுப்பதில்லை.

பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும், ‘இதை ஆக்கியவர் நான்’ என்று கோரும் உரிமையையும், தம் மதிப்பைக் கெடுக்கும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையையும் ஆசிரியருக்கே விட்டுவைத்திருக்கிறது. பெயர் கோரும் உரிமையை ஒருவர் மனமுவந்து ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்கலாம் என்பதை டெல்லி உயர் நீதிமன்றம் 2015-இல் ஒரு திரைப்பட இயக்குநரின் வழக்கில் ஏற்றுக்கொண்டது. ஆகவே பெயர் கோரமாட்டேன் என்ற உறுதிமொழியை வாடிக்கையாளர் கேட்பது முறையே. ஆனால் ‘57ஆம் பிரிவின் எல்லா உரிமைகளையும் துறக்கிறேன்’ என்று மொத்தமாக எழுதித் தருவதைவிட, ‘ஒப்பந்தத்தை வாடிக்கையாளர் மீறாத வரை பெயர் கோரமாட்டேன்’ என்று எழுதுவது நல்லது.

ஒப்பந்த மீறலுக்கு ஐம்பது இலட்சம் ரூபாய் அபராதம் என்று எழுதியிருப்பதைக் கண்டு சிலர் கையெழுத்திடவே தயங்குகிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி நீதிமன்றம் நியாயமான இழப்பீட்டைத்தான் வழங்கும். எழுதப்பட்ட தொகை அதன் உச்ச வரம்பு மட்டுமே. இருந்தாலும் அதை ஒப்பந்தத் தொகையின் அளவுக்குக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

வாடிக்கையாளர்கள் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. பதிப்புரிமைப் பதிவு கட்டாயமன்று; எனினும் சிலர் பாதுகாப்புக்காக நூலைப் பதிவு செய்ய விரும்புவார்கள். பதிவு விண்ணப்பம் ஆசிரியரின் பெயரைக் கேட்கும். விண்ணப்பிப்பவர் வேறொருவர் என்றால் ஆசிரியரின் தடையில்லாக் கடிதமும் வேண்டும். அந்தப் பதிவேடு எவரும் பார்க்கக்கூடியது. உண்மையை எழுதினால் மறைத்த பெயர் வெளிப்படும். தொழிலதிபரையே ஒரே ஆசிரியராக எழுதினால் அது பொய்ப் பதிவாகக்கூடும், பொய்ப் பதிவு தண்டனைக்குரிய குற்றம். எனவே பெயர் மறைப்பை விரும்புபவர் பதிவை நாடாமல், உரிமை மாற்றப் பத்திரத்தையே சான்றாகப் பத்திரப்படுத்திக்கொள்வதுதான் பொருத்தம்.

நூலில் ஒரு பழைய பங்காளியைப் பற்றி அவதூறு இருப்பதாக வழக்கு வந்தால் பெயர் மறைப்பு எழுத்தாளரைக் காக்காது. தகவல்களின் உண்மைக்கு வாடிக்கையாளரே பொறுப்பு என்றும், அதனால் எழும் செலவுகளை அவரே ஏற்பார் என்றும் எழுதி வாங்க வேண்டும். பிறர் எழுத்தை நகலெடுக்கவில்லை என்ற உறுதியை எழுத்தாளர் தருவார்.

எதைத் தேர்வது

மூன்றாம் வகை கவர்ச்சியானது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். நிலைத் தொகை 1,20,000 ரூபாய், ராயல்டியில் பாதி என்று பேசியிருக்கிறார்கள் எனக் கொள்வோம். 400 ரூபாய் விலையில் 1,000 படிகள் விற்று, பத்து சதவீத ராயல்டி வந்தால் அது 40,000 ரூபாய். எழுத்தாளரின் பங்கு 20,000. இரண்டாம் வகையில் கிடைக்கும் 3,00,000 ரூபாயின் பாதியைக்கூட இது எட்டவில்லை. மணிவிழா நூல் என்றால் நிலைமை இன்னும் மோசம். பந்தலில் தாம்பூலப் பையோடு சேர்த்துக் கொடுக்கப்படும் நூலுக்கு ராயல்டி என்று ஒன்று இருக்கவே இருக்காது. சொன்னவர் பரவலாக அறியப்பட்டவராக இருந்து, நூலை ஒரு வணிகப் பதிப்பாளர் வெளியிடுகிறார் என்றால் மட்டும் இது கருதத்தக்கது. அல்லது, இன்னும் பெயர் நிலைபெறாத எழுத்தாளருக்கு அந்த ஒரு வரியே பணத்தைவிடத் தேவையாக இருக்கலாம்.

பெயர் தேவையில்லாத, தொகை முக்கியமான வேலைக்கு இரண்டாம் வகையே ஏற்றது என்பது என் முடிவு. வாடிக்கையாளர் தரப்பில் இதற்கு வரும் நியாயமான மறுப்பு ஒன்றுதான்: கடைசித் தவணையைக் காரணம் காட்டி எழுத்தாளர் நூலை முடக்கிவைத்தால் என்ன செய்வது? உரிமை மாறும் வரை வரைவைப் படிக்கவும், குடும்பத்தாருக்கும் வழக்கறிஞருக்கும் காட்டவும், பக்க வடிவமைப்புக்குக் கொடுக்கவும் ஓர் உரிமத்தை அதே ஒப்பந்தத்தில் தந்துவிட்டால் அந்த அச்சம் நீங்கும். வெளியிடுவதற்கு மட்டுமே முழுத் தொகை நிபந்தனையாக இருக்கும். வாடிக்கையாளர் மூத்த வயதினர் என்றால், ஒப்பந்தம் இரு தரப்பு வாரிசுகளையும் கட்டுப்படுத்தும் என்பதையும், இடையில் அவர் மறைந்தால் நூலை ஏற்கவோ நிராகரிக்கவோ அதிகாரம் பெற்றவர் யார் என்பதையும் பெயர் சொல்லி எழுதிவிட வேண்டும். மேலே சொன்ன மூத்த மகனுக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்பதே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டிய செய்தி.

வாடிக்கையாளர் தம் வழக்கறிஞர் தந்த முதல் வகை ஒப்பந்தத்தை மாற்றவே மறுக்கிறார் என்றால், முழுவதையும் எதிர்த்துப் போராடத் தேவையில்லை. உரிமை மாற்ற ஷரத்தின் முடிவில் ஒரே ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்லலாம்: ‘இந்த உரிமை மாற்றம், இவ்வொப்பந்தத்தின்படி எழுத்தாளருக்குச் சேர வேண்டிய முழுத் தொகையும் அவருக்கு வந்து சேர்ந்த நாளில், பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும், உலகம் முழுமைக்கும் நடைமுறைக்கு வரும், அதுவரை வாடிக்கையாளர் இப்படைப்பை எந்த வடிவிலும் வெளியிடவோ, பிறரைக் கொண்டு திருத்தி எழுதுவிக்கவோ மாட்டார்.’ காலமும் நிலப்பரப்பும் தெளிவாக எழுதப்படுவதால் வாடிக்கையாளரின் வழக்கறிஞருக்கும் இதில் ஆதாயம் உண்டு. அதையும் மறுப்பவரிடம் முன்பணத்தை மொத்தத் தொகையின் பாதியாக உயர்த்தும்படி கேட்கலாம். அதற்கும் உடன்படாவிட்டால் வேலையை ஏற்காமல் விடுவதே மேல்.